கால் நடக்கிறதா, கோடு நகர்த்துகிறதா?

வீடியோ கேமில் ஓர் ஆள் நடந்து போகும்போது விளையாடுபவர் கண் அவன் முகத்திலோ கையிலிருக்கும் வாளிலோ இருக்கும். கேம் செய்பவர்களின் கண் பாதத்துக்குப் போகும். ஊன்றிய பாதம், அடுத்த கால் முன்னே வந்து ஊன்றும்வரை அதே இடத்தில் நிற்கிறதா, இல்லை தரையோடு வழுக்கிக்கொண்டே போகிறதா என்று பார்ப்பார்கள். வழுக்கினால் அந்த ஆளுக்கு எடையே இல்லாததுபோல் தோன்றும். காரணம் தெரியாவிட்டாலும் பார்ப்பவருக்கு ஏதோ உறுத்தும்.

கேமில் நாம் பார்க்கும் ஆள் உண்மையில் இரண்டு பொருள்கள். ஒன்று, எலும்புகளும் தோலும் உடையுமாகத் திரையில் தெரியும் உடம்பு. மற்றொன்று கண்ணுக்குத் தெரியாத, நிமிர்த்தி வைத்த மாத்திரை வடிவம். கேப்ஸ்யூல் என்பார்கள். சுவரில் முட்டுவது, படியில் ஏறுவது, பள்ளத்தில் விழுவது எல்லாம் இந்தக் கேப்ஸ்யூல்தான். உடம்பு அதன்மேல் மாட்டிய தோற்றம் மட்டுமே. அப்படியானால், ஆள் ஓர் அடி முன்னே போகிறான் என்றால் அந்தத் தூரத்தை முடிவு செய்வது யார்? அனிமேஷனா, புரோகிராமர் எழுதிய கோடா?

கோடு முடிவு செய்யும் வழியில், அனிமேட்டர் தரும் நடை டிரெட்மில்லில் நடப்பதுபோல் இருக்கும். கால்கள் மாறி மாறி வரும், கை வீசும், இடுப்பு ஏறி இறங்கும். ஆனால் ஆள் இருந்த இடத்திலேயே இருப்பார். இதற்கு இன்-பிளேஸ் அனிமேஷன் என்று பெயர். ஒவ்வொரு ஃபிரேமிலும் வேகத்தை நேரத்தால் பெருக்கி, அந்தத் தூரத்துக்குக் கேப்ஸ்யூலை நகர்த்துவது கோடின் வேலை.

அனிமேஷன் முடிவு செய்யும் வழியில் நடை உண்மையாகவே இடம் மாறும். எலும்புக் கூட்டின் உச்சியில், மற்ற எல்லா எலும்புகளுக்கும் தாயாக ஒன்று இருக்கும், அதுதான் ரூட். நடிகர் ஸ்டுடியோவில் ஒன்றரை மீட்டர் நடந்திருந்தால் கிளிப்பில் ரூட்டும் ஒன்றரை மீட்டர் போகும். போன ஃபிரேமிலிருந்து இந்த ஃபிரேமுக்கு ரூட் எவ்வளவு நகர்ந்தது என்று எஞ்சின் கணக்கிட்டு, அந்த நகர்வை உடம்பிலிருந்து கழித்துக் கேப்ஸ்யூலிடம் கொடுத்துவிடும். இது ரூட் மோஷன்.

இந்த இரண்டு வழிகளும் பழையவைதான். 1985-இல் வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸில் மாரியோவின் வேகம் கோடில் கூடிக் குறையும். கால்கள் அந்த வேகத்துக்கு ஈடுகொடுத்து ஓடும். 1989-இல் ஆப்பிள் 2 கணினிக்கு வந்த பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியாவில் ஜோர்டன் மெக்னர் தன் தம்பி ஓடுவதையும் தாவுவதையும் வீடியோ எடுத்து, அதைப் பார்த்துப் படம் படமாக இளவரசனை வரைந்தார். அதன் மூலக்கோடு 2012-இல் பொதுவில் வெளியானது. அதில் ஒவ்வோர் அசைவுக்கும் உரிய பட வரிசையும், எந்தப் படத்தில் எவ்வளவு நகர வேண்டும் என்ற எண்ணும் ஒரே அட்டவணையில் இருக்கின்றன. ரூட் மோஷன் என்ற பெயர் அதில் இல்லை, செய்திருப்பது அதைத்தான். மாரியோவின் வேகம் பட்டனுக்கு உடனே மாறத் தொடங்கும். இளவரசன் ஓடிக்கொண்டிருந்தால், பட்டனை விட்ட பிறகும் கால் தேய்த்துத்தான் நிற்பான். இரண்டு ஆட்டங்களுக்கும் இருக்கும் தனித்தனிச் சுபாவத்தில் பாதி இங்கிருந்து வருகிறது.

யூனிட்டி எஞ்சினில் ஒரு சாதாரண மூன்றாம் நபர் கேமை எடுத்துக்கொள்வோம். நாயகிக்கு இன்-பிளேஸ் நடை ஒன்று இருக்கிறது. ஒரு சுற்று ஒரு விநாடி; அதில் இரண்டு அடிகள்; நிஜத்தில் நடந்திருந்தால் ஒன்றரை மீட்டர் போயிருப்பாள். அதாவது இந்த நடைக்கென்றே ஒரு வேகம் உண்டு: விநாடிக்கு 1.5 மீட்டர். புரோகிராமருக்கு இது தெரியாது. விளையாடிப் பார்க்கிறார், மந்தமாக இருக்கிறது, வேகத்தை 3 என்று போட்டுவிடுகிறார்.

இப்போது பாதத்தைக் கவனியுங்கள். ஊன்றிய கால் உடம்பைவிட்டுப் பின்னோக்கி விநாடிக்கு 1.5 மீட்டர் போகிறது. உடம்போ 3 மீட்டர் வேகத்தில் முன்னே போகிறது. கழித்தால், தரையில் அசையாமல் நிற்க வேண்டிய பாதம் விநாடிக்கு 1.5 மீட்டர் முன்னோக்கி வழுக்குகிறது. கால் அரை விநாடி தரையில் இருந்தால் முக்கால் மீட்டர் வழுக்கல். கண்ணுக்குத் தப்பவே தப்பாது.

உடனே தோன்றும் வைத்தியம், கிளிப்பை இரண்டு மடங்கு வேகத்தில் ஓட்டுவது. கணக்கு சரியாகிவிடும், வழுக்கல் நிற்கும். ஆனால் நாயகி பழைய ஊமைப்படத்து ஆள்போல் குடுகுடுவென்று நடப்பாள். மனிதர்கள் வேகமாகப் போக அடியைச் சீக்கிரம் வைப்பதோடு நிற்பதில்லை. எட்டியும் வைக்கிறார்கள், ஒரு கட்டத்துக்கு மேல் நடையை விட்டு ஓட்டத்துக்கு மாறுகிறார்கள். அதனால் கிளிப்பின் வேகத்தை பத்து, பதினைந்து சதவீதம் கூட்டிக் குறைப்பது வரை பரவாயில்லை என்பது என் கருத்து. அதற்கு மேல் வேறு கிளிப் வேண்டும். 1.5 மீட்டருக்கு ஒரு நடை, 3.2 மீட்டருக்கு ஒரு மெல்லோட்டம், 5.5 மீட்டருக்கு ஒரு முழு ஓட்டம் என்று மூன்றை வைத்து, இடைப்பட்ட வேகங்களுக்கு எஞ்சினையே கலக்கச் சொல்லலாம். யூனிட்டியில் இதற்கு Blend Tree என்று பெயர். விநாடிக்கு 3 மீட்டர் என்றால் ஏறக்குறைய ஒன்பது பங்கு மெல்லோட்டமும் ஒரு பங்கு நடையும் கலந்துவரும். மூன்று கிளிப்பிலும் இடது கால் ஊன்றும் தருணம் சுற்றின் அதே புள்ளியில் இருக்க வேண்டும். ஒன்றில் இடது கால் ஊன்றும்போது மற்றொன்றில் வலது கால் ஊன்றினால், இரண்டின் சராசரியில் எந்தக் காலும் ஒழுங்காக ஊன்றாது, நாயகி நொண்டுவாள்.

கிளிப்பின் சொந்த வேகம் எங்கே தெரியும்? இடம் மாறும் கிளிப்பாக இருந்தால் யூனிட்டியே காட்டிவிடும்: அதன் இம்போர்ட் பக்கத்தில் Average Velocity என்ற வரி இருக்கிறது. இன்-பிளேஸாக மாற்றிய கிளிப்பில் அந்தத் தகவல் அழிந்துபோகிறது. அனிமேஷன் கேட்டு வாங்கும்போது, கோடு வழியாகத்தான் நகர்த்தப்போகிறோம் என்றாலும் இடம் மாறும் கிளிப்பையே கேட்டு வாங்குவது இதனால்தான் புத்திசாலித்தனம். நகர்வை எஞ்சினில் எப்போது வேண்டுமானாலும் தூக்கி எறியலாம். போனதைத் திரும்பக் கொண்டுவருவது பாதத்தை அளந்து அளந்து செய்யும் வேலை.

நடை சீரான வேகம், அதனால் ஒரே எண்ணில் அடங்கிவிட்டது. வாளால் பாய்ந்து குத்துவது அடங்காது. முப்பது ஃபிரேம், ஒரு விநாடி நீளமுள்ள குத்து ஒன்று. முதல் 9 ஃபிரேமில் நாயகி பின்னே சாய்ந்து பலம் சேர்க்கிறாள். உடம்பு 10 சென்டிமீட்டர் பின்வாங்குகிறது. அடுத்த 6 ஃபிரேமில் 1.3 மீட்டர் பாய்ச்சல். மீதி 15 ஃபிரேமில் மெல்ல 20 சென்டிமீட்டர் நகர்ந்து நிதானிக்கிறாள். மொத்தம் 1.4 மீட்டர். இதை இன்-பிளேஸாக வைத்து, கோடில் சராசரி வேகமாக விநாடிக்கு 1.4 என்று எழுதினால் என்ன ஆகும்? பின்னே சாயும் 0.3 விநாடியில் அவள் 42 சென்டிமீட்டர் முன்னே போயிருப்பாள். பாய வேண்டிய 0.2 விநாடியில் வெறும் 28 சென்டிமீட்டர் போவாள். உடம்பு சொல்வது ஒன்று, இடம் சொல்வது வேறொன்று. கோடில் வளைகோடு ஒன்று வரைந்து சரிசெய்யலாம்தான். ஆனால் அனிமேட்டர் நாளைக்கு 2 ஃபிரேமை நகர்த்தினால் அந்த வளைகோட்டை மறுபடி வரைய வேண்டும். கிளிப்பிலேயே இருக்கும் நகர்வை இன்னொரு தரம் கையால் நகலெடுப்பானேன்? இங்கே ரூட் மோஷன் தெளிவாக ஜெயிக்கிறது.

அப்படியானால் எல்லாவற்றுக்கும் ரூட் மோஷன் போட்டுவிடலாமே என்று தோன்றும். நடைக்கும் போட்டுப் பார்ப்போம். பாதம் அருமையாக ஊன்றும், துளி வழுக்கல் இருக்காது. ஆனால் விளையாடுபவர் குச்சியைவிட்டுக் கையை எடுத்த நொடியில் நாயகி ஓர் அடியின் பாதியில் இருப்பாள். நிற்கும் கிளிப் தொடங்கி, தூக்கிய காலை வைத்து, உடம்பு நிலைக்க 0.6 விநாடி ஆகலாம். கதை சொல்லும் சாகச ஆட்டத்தில் அது கனமாக, நன்றாகவே இருக்கும். மேடைக்கு மேடை தாவும் ஆட்டத்திலோ, துப்பாக்கி ஆட்டத்திலோ அதுவே எரிச்சல். ‘நான் சொன்னது கேட்கவில்லை’ என்று விளையாடுபவர் நினைப்பார். உண்மையில் கேட்டது, கால் முடியவில்லை, அவ்வளவுதான்.

தாவுவது இன்னும் மோசம். ஒரு கிளிப்பில் நடிகர் சமதரையில் எழும்பி 0.8 விநாடியில் இறங்கியிருக்கிறார். நாயகி தாவும் இடத்திலோ எதிர்ப்பக்கத் தரை ஒரு மீட்டர் கீழே இருக்கிறது. 0.8 விநாடி முடியும்போது அவள் முழங்காலை மடக்கி, காற்றில் நின்றபடி தரையிறங்கிவிடுவாள். தரை எங்கே என்று கிளிப்புக்குத் தெரியாது. அதனால் தாவலை எழும்புதல், அந்தரத்தில் இருத்தல், இறங்குதல் என்று மூன்றாக வெட்டி, உயரத்தைப் புவியீர்ப்புக் கணக்கிடம் விட்டுவிடுவதே வழக்கம். அந்தரத்தில் இருக்கும் துண்டு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் சுற்றலாம். கேப்ஸ்யூல் தரையைத் தொட்ட பிறகே மூன்றாவது துண்டு ஓடும்.

என் கட்டைவிரல் விதி இது: அசைவு பாதியில் இருக்கும்போது விளையாடுபவருக்கு மனம் மாறலாமா? மாறலாம் என்றால் தூரம் கோடின் கையில் இருக்கட்டும். ஒப்புக்கொடுத்தாயிற்று, முடியும்வரை திரும்ப முடியாது என்றால் அனிமேஷனிடம் கொடுக்கலாம். நடை, ஓட்டம், தாவல் முதல் வகை. குத்து, உருளல், சுவர் ஏறுவது, அடிபட்டு விழுவது இரண்டாம் வகை. பெரும்பாலான ஆட்டங்களில் இரண்டும் கலந்தே இருக்கும். ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே தூரத்துக்குப் பொறுப்பு என்பதில்தான் கவனம் வேண்டும்.

அந்தக் கைமாற்றம் யூனிட்டியில் OnAnimatorMove என்ற ஃபங்ஷனில் நடக்கும். அதை எழுதிவிட்டால் எஞ்சின் தானாக நகர்த்தாது. கிளிப் எவ்வளவு நகரச் சொல்கிறது என்பதை மட்டும் நம்மிடம் கொடுக்கும்.

```csharp
void OnAnimatorMove()
{
    Vector3 step = attacking
        ? animator.deltaPosition
        : inputVelocity * Time.deltaTime;
    step.y = verticalSpeed * Time.deltaTime;
    controller.Move(step);
}
```

குத்தும்போது `deltaPosition`, மற்ற நேரத்தில் விளையாடுபவரின் விருப்பம். `y` வரி முக்கியம்: பக்கவாட்டு நகர்வை யார் கொடுத்தாலும், மேலே கீழே போவதை ஈர்ப்புக் கணக்கே பார்த்துக்கொள்கிறது. இல்லையென்றால் மாடிப்படி விளிம்பில் குத்தினால் நாயகி வெட்டவெளியில் மிதப்பாள். நகர்வை நேராக இடத்தில் எழுதாமல் `controller.Move` வழியாக அனுப்புவதும் காரணத்தோடுதான். 1.4 மீட்டர் பாயச் சொல்லும் கிளிப்புக்கு 60 சென்டிமீட்டரில் சுவர் இருப்பது தெரியாது, கேப்ஸ்யூலுக்குத் தெரியும்.

இந்தப் பொறுப்புப் பிரிவினை குழம்பினால் வரும் கோளாறுகளுக்குத் தனித்தனி முகம் உண்டு. நாயகி எதிர்பார்த்ததைவிட இரண்டு மடங்கு வேகமாகப் போனால், கோடும் நகர்த்துகிறது, Apply Root Motion டிக்கும் போட்டிருக்கிறது என்று பொருள். ஓரிரு மீட்டர் போய்விட்டு, சுற்று முடிந்ததும் வெடுக்கென்று பழைய இடத்துக்குத் திரும்பினால், நகர்வு ரூட்டுக்குப் போகாமல் உடம்பிலேயே தங்கிவிட்டது. யூனிட்டியில் Root Transform Position (XZ) பகுதியில் Bake Into Pose டிக் ஆகியிருந்தால் இப்படி ஆகும். அன்ரியலில் கிளிப்பின் EnableRootMotion அணைந்திருந்தால் ஆகும். கேப்ஸ்யூலைத் திரையில் வரையச் சொல்லிப் பார்த்தால் சந்தேகமே இருக்காது: மாத்திரை ஓரிடத்தில் நிற்க, உடம்பு மட்டும் அதைவிட்டு வெளியே நடந்துபோகும், சுவருக்குள்ளும் புகும்.

நேராகப் போகச் சொன்னால் மெல்ல மெல்ல ஒரு பக்கம் சாய்ந்து போவது கொஞ்சம் நயமான கோளாறு. நடிகர் ஸ்டுடியோவில் நூல் பிடித்தாற்போல் நடந்திருக்க மாட்டார். விநாடிக்கு ஒரு பாகை திரும்பியிருந்தால் அந்த ஒரு விநாடியில் யாருக்கும் தெரியாது. ஆட்டத்தில் அதே கிளிப் அரை நிமிடம் சுற்றினால் 30 பாகை. வாசலை நோக்கிப் போனவள் ஜன்னலுக்குப் போய்ச் சேருவாள். இம்போர்ட் பக்கத்தில் Average Angular Y Speed பூஜ்யமாக இல்லையென்றால் இதுதான் காரணம். Root Transform Rotation பகுதியில் Bake Into Pose போட்டு, திரும்புவதைக் கோடிடம் கொடுத்துவிட்டால் தீர்ந்தது.

மிக்ஸாமோ தளத்திலிருந்து கிளிப் எடுப்பவர்களுக்கு ஒரு சின்ன எச்சரிக்கை. அங்கே In Place என்ற டிக் உண்டு, வசதிதான். ஆனால் அதன் எலும்புக் கூடு இடுப்பிலிருந்தே தொடங்குகிறது. தரையில் நிற்கும் தனி ரூட் கிடையாது. யூனிட்டியின் மனித உருவ அமைப்பு சமாளித்துக்கொள்ளும். அன்ரியல் முதல் எலும்பையே ரூட்டாக எடுத்துக்கொள்ளும் என்பதால், பிளெண்டர் போன்ற மென்பொருளில் ஒரு ரூட்டைச் சேர்த்து, இடுப்பின் முன்னோக்கிய நகர்வை அதற்கு மாற்றிய பிறகே பயன்படுத்த முடியும்.

சுவர் ஏறும் கிளிப்புக்கு வருவோம். நடிகர் ஏறியது ஒரு மீட்டர் உயரப் பெட்டி. ஆட்டத்தில் இருப்பது 1.2 மீட்டர் மதில். ரூட் மோஷனை அப்படியே விட்டால் நாயகியின் கை விளிம்புக்கு 20 சென்டிமீட்டர் கீழே, செங்கல்லுக்குள் பிடிக்கும். யூனிட்டியில் `Animator.MatchTarget` என்று ஒன்று இருக்கிறது. சுற்றின் இந்தப் புள்ளியிலிருந்து அந்தப் புள்ளிக்குள் வலது கை இந்த இடத்துக்கு வந்து சேர வேண்டும் என்று சொன்னால், மீதமுள்ள 20 சென்டிமீட்டரை அந்த இடைவெளியில் பரப்பிச் சேர்த்துவிடும். அன்ரியல் 5-இல் இதே வேலைக்கு மோஷன் வார்ப்பிங் இருக்கிறது. 20 சென்டிமீட்டரை அரை விநாடி எழும்பலில் ஒளித்துவைக்கலாம். 1 மீட்டர் கிளிப்பை 2 மீட்டர் மதிலுக்கு இழுத்தால் நாயகி காற்றில் ஏறுவதுபோல் தெரியும். அதற்குத் தனிக் கிளிப் எடுத்தே ஆக வேண்டும்.

கோடே தூரத்தை வைத்துக்கொண்டு, பாதமும் வழுக்காமல் இருக்க ஒரு மூன்றாவது வழியும் உண்டு. எபிக் நிறுவனம் பாராகான் ஆட்டத்தில் கையாண்டது இது. டிஸ்டன்ஸ் மேட்சிங் என்கிறார்கள். நாயகி விநாடிக்கு 4 மீட்டர் வேகத்தில் ஓடும்போது விளையாடுபவர் கையை எடுக்கிறார். கோடில் வேகத்தடை விநாடிக்கு விநாடி 8 மீட்டர். பள்ளிக்கூடக் கணக்குதான்: வேகத்தின் வர்க்கம், கீழே வேகத்தடையின் இரண்டு மடங்கு. 16-ஐ 16-ஆல் வகுத்தால் ஒரு மீட்டர். இன்னும் ஒரு மீட்டரில், அரை விநாடியில் கேப்ஸ்யூல் நிற்கப்போகிறது என்று முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. நிற்கும் கிளிப்பில் நடிகர் 1.3 மீட்டரில் நின்றிருக்கிறார். அதைத் தொடக்கத்திலிருந்து ஓட்டாமல், இன்னும் ஒரு மீட்டர் பாக்கியிருக்கும் ஃபிரேமிலிருந்து எடுத்துக்கொள்கிறார்கள். பிறகு ஒவ்வொரு ஃபிரேமிலும் நேரத்தைப் பார்க்காமல், மீதித் தூரத்துக்கு உரிய உடல்நிலையைத் தேடிக் காட்டுகிறார்கள். கேப்ஸ்யூல் நிற்கும்போது பாதமும் சரியாக நிற்கும். விளையாடுபவருக்குத் தாமதமே தெரியாது.

பலர் சேர்ந்து இணையத்தில் விளையாடும் ஆட்டத்தில் இந்த வழிக்கு மதிப்பு கூடுகிறது. அங்கே உங்கள் கணினி பட்டனை அழுத்தியதும் தானே நாயகியை நகர்த்திவிட்டு, அதே கணக்கைச் சர்வரும் போட்டு ஒத்துப்போகிறதா என்று பார்க்கும். வேகமும் நேரமும் மட்டும் உள்ள கணக்கு என்றால் இருவருக்கும் ஒரே விடை எளிதில் வரும். தூரம் அனிமேஷனில் இருந்தால், இரு பக்கமும் கிளிப்பின் அதே புள்ளியில், அதே கலவையில் இருந்தாக வேண்டும். கொஞ்சம் பிசகினாலும் சர்வர் நாயகியைப் பிடித்து வேறிடத்தில் வைக்கும், ஆள் துடித்துத் துடித்து நகர்வது திரையில் தெரியும். அன்ரியலில் எல்லாக் கிளிப்பிலிருந்தும் ரூட் மோஷன் எடுக்கும் அமைப்பு ஒன்றும், Root Motion from Montages Only என்ற அமைப்பு ஒன்றும் இருக்கின்றன. முன்னது இணைய ஆட்டத்துக்கு ஒத்துவராது. மான்டாஜ் என்பது குத்து, உருளல்போல் கோடு பெயர் சொல்லி ஒருமுறை ஓட்டச் சொல்லும் கிளிப். எப்போது தொடங்கியது, எங்கே இருக்கிறது என்பதை இரு பக்கமும் சொல்லிக்கொள்ள முடியும். நடையும் ஓட்டமும் அப்போது கோடிடமே இருக்கும், மான்டாஜ் ஓடி முடியும்வரை மட்டும் தூரம் அனிமேஷனிடம் போகும்.